ஏக்கருக்கு எவ்வளவு? நெல் அறுவடை இயந்திர வாடகையை ஆள் அறுப்புடனும் கதிரடிக் கூலியுடனும் ஒப்பிடும் முறை

காவிரி டெல்டாவில் நெல் அறுவடை இயந்திரத்துக்குப் பெரும்பாலும் ஏக்கர் கணக்கில் வாடகை சொல்வதில்லை. மணிக்கு இவ்வளவு என்றுதான் சொல்கிறார்கள். அறுப்புக்கு வரும் பெண்கள் ஆளுக்கு ஒரு நாள் கூலி கேட்பார்கள், அல்லது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கான மா ஒன்றுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொள்வார்கள். கதிரடிக்கும் இயந்திரத்தை வைத்திருப்பவர் மணிக்கும் விலை சொல்வார், மூட்டைக்கும் விலை சொல்வார். இப்படி ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் வருவதால், முதன்முறையாக நெல் போட்டவர் எது மலிவு என்று தெரியாமல், பக்கத்து வயலில் எந்த வண்டி இறங்குகிறதோ அதையே தன் வயலிலும் இறக்கிவிடுகிறார். இந்த மூன்றையும் ஏக்கருக்கு இத்தனை ரூபாய் என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதை என் வயலில் நான் போடும் கணக்கை வைத்தே இங்கே எழுதுகிறேன். கீழே வரும் கூலியும் வாடகையும் என் கணக்குக்கு நான் எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், பட்டத்துக்குப் பட்டம் அவை மாறும் என்பதால், அந்த இடங்களில் உங்கள் ஊர்த் தொகையை வைத்துக்கொள்ளுங்கள். கணக்கின் முறை மாறாது.

முதலில், கணக்கு எங்கே முடிகிறது என்பதை முடிவு செய்யுங்கள்

இயந்திரம் வயலுக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தால் அறுப்பு, அடிப்பு, தூற்றல் மூன்றும் முடிந்து நெல் டிராக்டர் பெட்டியில் கொட்டப்படுகிறது. ஆள் அறுப்பில் அதே நிலையை எட்ட அறுப்பு, கட்டு கட்டுதல், களத்துக்குச் சுமத்தல், கதிரடித்தல் என்று நான்கு வேலைகள் உள்ளன. ஆகவே இயந்திர வாடகையை வெறும் அறுப்புக் கூலியுடன் ஒப்பிடுவது தவறு. அதேபோல, இயந்திரத்திலிருந்து வரும் நெல்லின் ஈரம் பெரும்பாலும் அதிகமாக இருக்கும் என்பதால், அதைக் காயவைக்கும் செலவைச் சேர்க்காமல் ஒப்பிடுவதும் தவறு. நான் எப்போதும் என் கணக்கை, சுத்தமான நெல் 17 விழுக்காடு ஈரப்பதத்தில் மூட்டையில் இருக்கும் நிலையில் முடிக்கிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக ஏற்கப்படும் ஈரப்பத உச்சவரம்பு அதுதான்.

இந்த ஈரத்தைக் கவனிக்காவிட்டால் நேரும் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். இயந்திரத்தில் அறுத்த வயலில் 60 கிலோ மூட்டையில் 35 கண்டது, ஆள் வைத்து அறுத்த வயலில் 33 தான் கண்டது, ஆகவே இயந்திரம்தான் நெல்லைச் சிந்தாமல் எடுக்கிறது என்று சொல்பவர்கள் பலர். இயந்திர நெல் 22 விழுக்காடு ஈரத்தில் 35 மூட்டை, அதாவது 2,100 கிலோ இருந்தால், அதில் நீர் தவிர்த்த எடை 78 விழுக்காடு, அதாவது 1,638 கிலோ. 17 விழுக்காட்டு ஈரத்துக்கு அந்த நெல் காய்ந்தபின் மொத்த எடை 1,638 கிலோவை 0.83 ஆல் வகுத்தால் வருவது, அதாவது ஏறத்தாழ 1,973 கிலோ. 33 மூட்டைக்கும் சற்றுக் குறைவு. கூடுதலாகத் தெரிந்த அந்த இரண்டு மூட்டையும் தண்ணீர்தான். மூட்டை எண்ணிக்கையை வைத்து இரண்டு முறைகளை ஒப்பிடும் எவரும், ஈரமானியில் ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

மணி வாடகையை ஏக்கர் வாடகையாக மாற்றுதல்

இயந்திரத்தில் இரண்டு வகை உண்டு. டயர் வண்டி அகலமான வெட்டுப் பகுதி கொண்டது. காய்ந்த, கெட்டியான நிலத்தில் விரைவாக ஓடும். மணி வாடகையும் குறைவு. பெல்ட் வண்டிக்கு வெட்டும் அகலம் ஏறக்குறைய இரண்டு மீட்டர்தான். ஆனால் ஈரமான வயலிலும் புதையாமல் ஓடும். சாய்ந்த பயிரையும் ஓரளவு அள்ளி எடுக்கும். வாடகை அதற்கேற்ப அதிகம். டயர் வண்டிக்கு மணிக்கு 1,900 ரூபாய், பெல்ட் வண்டிக்கு மணிக்கு 2,600 ரூபாய் என்று எடுத்துக்கொண்டேன். டீசலும் ஓட்டுநரும் வாடகையில் அடங்கியவை, பேட்டா மட்டும் தனி. இதை வண்டி வயலில் இறங்குவதற்கு முன்பே வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். சில மாவட்டங்களில் அறுவடைக் காலத்துக்கு முன்பு ஆட்சியர் தலைமையில் விவசாயிகளையும் இயந்திர உரிமையாளர்களையும் வைத்து முத்தரப்புக் கூட்டம் நடத்தி மணி வாடகையை அறிவிக்கிறார்கள். பேச்சைத் தொடங்குவதற்கு அந்தத் தொகை நல்ல அடிப்படை. வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. அதன் வாடகை தனியாரைவிடக் குறைவு என்றாலும், எல்லோருக்கும் ஒரே வாரத்தில் அறுப்பு வருவதால் வரிசையில் காத்திருக்க நேரும். ஆகவே கதிர் பழுக்கத் தொடங்கும்போதே பதிந்துவிட வேண்டும்.

மணி வாடகை தெரிந்துவிட்டால் பாதி தெரிந்ததுபோல. மீதிப் பாதி, உங்கள் ஏக்கருக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்பது. இதைத்தான் புதியவர்கள் யாரும் கேட்பதில்லை. ஒரே அளவுள்ள இரண்டு ஏக்கரில், ஒன்று நீண்ட ஒரே பங்காகவும் மற்றொன்று வரப்பால் ஐந்து துண்டாகவும் இருந்தால், ஐந்து துண்டு வயலில் வண்டி ஒவ்வொரு மூலையிலும் பின்னால் வந்து திரும்பும் நேரமெல்லாம் வாடகைதான். பயிர் நிமிர்ந்து நிற்கிறதா, தாள் காய்ந்திருக்கிறதா, தரை கெட்டியா என்பவையும் நேரத்தை மாற்றும்.

நேரத்தை முன்கூட்டியே அறிய எளிய வழி ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் மூன்று மா ஒரு ஏக்கர். ஒரு மா என்பது ஏறக்குறைய 33 சென்ட். வண்டி முதல் ஒரு மாவை அறுத்து முடிக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். பெல்ட் வண்டிக்கு 25 நிமிடம் ஆனால் ஏக்கருக்கு 75 நிமிடம், அதாவது ஒன்றேகால் மணி. 2,600 ரூபாய் வீதம் 3,250 ரூபாய். டயர் வண்டி அதே பயிரில், காய்ந்த தரையில் 50 நிமிடத்தில் முடித்தால் ஏறத்தாழ 1,600 ரூபாய். முதல் மாவிலேயே 40 நிமிடம் ஆகிவிட்டால் ஏக்கருக்கு 5,200 ரூபாய் வரப்போகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். மிச்சத்தை அறுக்கச் சொல்வதா, இரண்டு நாள் காயவிட்டுப் பிறகு அறுப்பதா என்று அங்கேயே முடிவு செய்யலாம்.

வண்டியில் மணி மீட்டர் இருந்தால், அதன் எண்ணைப் படிக்கும் முறையில் கவனம் வேண்டும். அதில் புள்ளிக்குப் பின் வருவது நிமிடம் அல்ல, மணியின் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு நிமிடம். தொடக்கத்தில் 2,104.2 என்றும் முடிவில் 2,105.5 என்றும் காட்டினால் ஓடிய நேரம் 1.3 மணி, அது 1 மணி 18 நிமிடமே ஒழிய ஒன்றரை மணி அல்ல. இந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் 520 ரூபாய் இருக்கிறது. வண்டி இறங்கும்போதும் ஏறும்போதும் மீட்டர் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

வண்டி சும்மா நின்றாலும் மீட்டர் ஓடும். முதன்முறை நான் இயந்திரம் வைத்தபோது, நெல் ஏற்றும் டிராக்டரைத் தாமதமாகச் சொல்லியிருந்தேன். தொட்டி நிறைந்து வண்டி வரப்போரம் நின்றது; இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது; டிராக்டர் வந்து சேர 40 நிமிடம் ஆயிற்று. ஓட்டுநர் அந்த நேரத்துக்கும் வாடகை கேட்டார், கேட்டது நியாயமும்கூட. அன்றிலிருந்து டிராக்டர் பெட்டி வரப்பில் வந்து நின்ற பிறகுதான் வண்டியை வயலில் இறக்கச் சொல்கிறேன். அதற்கு மாறாக, பெல்ட் கழன்றோ கத்தி உடைந்தோ வண்டி பழுதாகி நிற்கும் நேரம் உரிமையாளரைச் சேர்ந்தது. அதை முன்பே சொல்லி ஒப்புக்கொண்டு, நின்ற நேரத்தைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

இனி வாடகையோடு சேரும் சில்லறைச் செலவுகள். பேட்டா 150 ரூபாய். வண்டியின் வெட்டுப் பகுதி எட்டாத மூலைகளையும், வண்டி இறங்கும் வழியையும் முன்னதாகக் கையால் அறுத்துவைக்க ஒரு பெண் ஆள், 350 ரூபாய். நெல்லைக் காயவைக்கப் பரப்பிக் கிளறி அள்ளுவதற்கு இரண்டு பெண் ஆட்கள், 700 ரூபாய். ஆக பெல்ட் வண்டியில் 3,250 உடன் 1,200 சேர்ந்து ஏக்கருக்கு 4,450 ரூபாய். டயர் வண்டியில் 2,800 ரூபாய். டயர் வண்டியின் இந்தக் குறைந்த தொகையைக் கண்டு ஈர வயலில் அதை இறக்கிவிடக் கூடாது. அது போட்ட தடம் அடுத்த உழவு வரைக்கும் கிடக்கும். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்று, சமப்படுத்துவதற்கு மிச்சப்பட்டதைவிட அதிகம் செலவாகும். அறுப்புக்கு ஒரு பத்து நாள் முன்பே வயல் நீரை வடித்து, குதிகாலை ஊன்றினால் தரை அமுங்காத நிலை வந்திருந்தால் மட்டுமே டயர் வண்டி.

ஆள் அறுப்பும் கதிரடி இயந்திரமும்

இப்போது அதே ஏக்கரை ஆள் வைத்து அறுக்கும் கணக்கு. நிமிர்ந்து நிற்கும் பயிரை ஒரே நாளில் அறுத்து அரி போட ஏக்கருக்குப் பத்துப் பெண்கள் என்று வைத்தால், ஆளுக்கு 350 வீதம் 3,500 ரூபாய். அரி ஒன்றிரண்டு நாள் வயலில் காய்ந்த பிறகு கட்டிச் சுமந்து களத்தில் போரடுக்க ஐந்து ஆண்கள், ஆளுக்கு 700 வீதம் இன்னொரு 3,500. களம் தொலைவில் இருந்தால் இந்த இரண்டாவது தொகைதான் ஏறும். ஆகவே கதிரடி இயந்திரத்தை வயல் ஓரத்துக்கே கொண்டுவர முடியுமா என்று பாருங்கள்.

கதிரடிக் கூலியில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். டிராக்டரோடு சேர்த்துக் கதிரடி இயந்திரத்துக்கு மணிக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தாளாக இருந்து, ஆட்கள் இடைவிடாமல் கட்டைக் கொடுத்தால் மணிக்கு 700 கிலோ நெல் வரும். 2,100 கிலோவுக்கு மூன்று மணி நேரம், 3,600 ரூபாய். அதே இயந்திரக்காரர் மூட்டைக்கு 100 ரூபாய் என்றும் சொல்லலாம். 35 மூட்டைக்கு 3,500 ரூபாய். பார்க்கப்போனால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரவுப் பனியிலோ தூறலிலோ தாள் நனைந்திருந்தால் இயந்திரம் திணறும். வைக்கோல் உருளையில் சுற்றிக்கொண்டு அடிக்கடி நிறுத்த வேண்டிவரும். மணிக்கு 450 கிலோகூட வராது. அப்போது மணிக் கணக்கில் நான்கரை மணிக்கும் மேல் ஓடி 5,600 ரூபாய் ஆகிவிடும்; மூட்டைக் கணக்கில் பேசியிருந்தால் அதே 3,500 தான். ஆகவே தாள் நன்றாகக் காய்ந்து, கட்டுக் கொடுக்கப் போதிய ஆட்களும் இருந்தால் மணிக்குப் பேசலாம். தாள் ஈரம் என்றாலோ ஆட்கள் குறைவு என்றாலோ மூட்டைக்குப் பேசுவதே நல்லது. மூட்டைக்குப் பேசும்போது மூட்டை எத்தனை கிலோ என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். கொள்முதல் நிலையத்தில் பிடிப்பது 40 கிலோ சிப்பம். நம் வீட்டில் பிடிப்பது 60 கிலோ மூட்டை. எந்த மூட்டை என்று சொல்லாமல் 100 ரூபாய் என்று ஒப்புக்கொண்டு, கடைசியில் 52 சிப்பத்துக்குப் பணம் கொடுத்தவரை எனக்குத் தெரியும்.

இயந்திரத்துக்குக் கட்டைக் கொடுக்கவும், வைக்கோலை இழுத்துப் போடவும், நெல்லை அள்ளவும் அரை நாளுக்கு நான்கு ஆண்கள், 1,400 ரூபாய். தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் 400. நெல் வயலிலேயே ஓரளவு காய்ந்துவிட்டதால், காயவைக்க ஒரே ஆள், 350. எல்லாவற்றையும் கூட்டினால் ஏக்கருக்கு 12,750 ரூபாய். பெல்ட் வண்டியின் 4,450 ரூபாயோடு பார்த்தால் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

வைக்கோலைக் கழித்துப் பார்த்தல்

இந்த இடைவெளி முழுவதும் உண்மையானதல்ல. கையால் அறுத்து அடித்த வைக்கோல் நீளமாகவும் மடியாமலும் இருக்கும், மாடு விரும்பித் தின்னும், விலையும் நிற்கும். இயந்திரம் தாளின் அடிப்பகுதியை வயலிலேயே விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் அறுக்கிறது. அதையும் நசுக்கி வரிசையாகக் கொட்டிப் போகிறது. அதைத் திரட்ட வைக்கோல் கட்டும் இயந்திரம் ஒன்று தனியாக வர வேண்டும். கை வைக்கோலுக்கு ஏக்கருக்கு 2,500 ரூபாயும், கட்டும் கூலி போக இயந்திர வைக்கோலுக்கு 1,200 ரூபாயும் கிடைக்கும் என்று வைத்தேன். அப்படிக் கழித்தால் ஆள் அறுப்பின் நிகரச் செலவு 10,250. பெல்ட் வண்டியின் நிகரச் செலவு 3,250.

என் கணக்கில் பெல்ட் வண்டியின் சில்லறைச் செலவும் அதன் வைக்கோல் வரவும் ஒரே 1,200 ஆகி ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது மணி வாடகை மட்டும். எனவே 10,250 ஐ 2,600 ஆல் வகுத்தால், பெல்ட் வண்டி ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் எடுத்தால்தான் ஆள் அறுப்பின் செலவை எட்டும் என்று தெரிகிறது. நிமிர்ந்த பயிரில் அப்படி நடக்காது. ஆகவே வெறும் கூலிக் கணக்கில் இயந்திரமே மலிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் கூலிக் கணக்கில் வராத இரண்டு இழப்புகள் உண்டு. அவற்றைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

சிந்தும் நெல்லை எண்ணிப் பார்த்தல்

முதலாவது, வயலில் சிந்தும் நெல். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எண்ணத்தான் வேண்டும். எண்ணுவது கடினமும் அல்ல. நான்கு மீட்டர் கயிற்றை முடிந்து, பக்கத்துக்கு ஒரு மீட்டராகச் சதுரமாகத் தரையில் பரப்புங்கள். நடுத்தர ரக நெல்லில் ஆயிரம் மணி ஏறத்தாழ 22 கிராம் எடை இருக்கும். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆகவே ஒரு சதுர மீட்டரில் 100 மணி கிடந்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 9 கிலோ சிந்தியிருக்கிறது என்று பொருள்.

எங்கே எண்ணுவது என்பதில்தான் தவறு நேரும். வண்டி வைக்கோலைக் கொட்டிய வரிசைக்கு அடியில் மட்டும் எண்ணினால், இரண்டு மீட்டர் அகலத்தில் சிந்தியதெல்லாம் ஒரே மீட்டரில் குவிந்திருக்கும். இழப்பு இரட்டிப்பாகத் தெரியும். வரிசைக்கு வெளியே மட்டும் எண்ணினால் ஒன்றுமே சிந்தாததுபோல் இருக்கும். வண்டி ஒரு முறை போன அகலம் முழுவதையும், பெல்ட் வண்டி என்றால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சதுரமாக எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். சென்ற முறை நான் எண்ணியபோது வைக்கோலுக்கு அடியில் 900, பக்கத்துச் சதுரத்தில் 200, சராசரி 550, ஏக்கருக்கு 49 கிலோ. பிறகு இன்னும் அறுக்காத பயிரின் அடியில் ஒரு சதுரம் போட்டுப் பார்த்தால், அங்கேயே 150 மணி தானாக உதிர்ந்து கிடந்தது. அது வண்டியின் குற்றமல்ல, நான் அறுப்பை நாள் கடத்தியதன் விளைவு. அதைக் கழித்தால் வண்டி சிந்தியது ஏக்கருக்கு 36 கிலோ. 2,100 கிலோவில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. இது ஏற்றுக்கொள்ளத்தக்கது. மூன்று விழுக்காட்டைத் தாண்டினால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

நிறுத்தியபின் என்ன சொல்வது என்பதற்குத் தரையில் கிடப்பதே விடை தரும். வைக்கோலுக்கு அடியில் உதிரி நெல்மணியாகக் கிடந்தால் வண்டி வேகமாக ஓடுகிறது, அல்லது காற்று அதிகம்; வேகத்தைக் குறைக்கச் சொன்னாலே பெரும்பாலும் சரியாகிவிடும். வைக்கோலோடு கதிரில் மணி ஒட்டியே வந்தால், தாள் ஈரமாக இருப்பதால் சரியாக அடிபடவில்லை. வெயில் ஏறியபின் அறுப்பது நல்லது. அறுபடாத கதிர் தரையில் கிடந்தால் வெட்டுப் பகுதியை இன்னும் தாழ்த்த வேண்டும். பெட்டியில் விழும் நெல்லையும் ஒரு கை அள்ளிப் பாருங்கள். உமி உரிந்து வெள்ளை அரிசி தெரிந்தால் அடிக்கும் உருளையின் சுழற்சி அதிகம் என்று பொருள். ஒரு மணி நேரத்துக்கு 2,600 ரூபாய் கொடுப்பதால் ஓட்டுநரை விரட்டத் தோன்றும். விரட்டினால் ஏக்கருக்குப் பத்து நிமிடம், அதாவது 430 ரூபாய் மிச்சமாகும். அதற்காக 60 கிலோ கூடுதலாகச் சிந்தினால் இழப்பு 1,500 ரூபாய். 2025-26 பருவத்துக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கொள்முதல் விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்பதால் கிலோவுக்கு 25 ரூபாய் என்று கணக்கிட்டேன்.

ஆள் அறுப்பிலும் சிந்தல் உண்டு. அரி கிடந்த இடத்திலும், கட்டுச் சுமந்த வழியிலும், போர் போட்ட இடத்திலும் நெல் உதிர்கிறது. அதிகம் காய்ந்த பயிரில் இன்னும் கூடும். இயந்திரத்தில் மட்டும் எண்ணிவிட்டு ஆள் அறுப்பில் இழப்பே இல்லை என்று எடுத்துக்கொள்வது நேர்மையான ஒப்பீடு அல்ல; அரி எடுத்த இடத்திலும் அதே கயிற்றைப் போட்டுப் பாருங்கள்.

சாய்ந்த பயிரின் கணக்கு வேறு. பெல்ட் வண்டி ஒரே பக்கமாகத்தான் அள்ள முடியும் என்பதால் வெறுமனே திரும்பி வரும் நேரமும் சேர்ந்து ஏக்கருக்கு இரண்டரை மணி ஆகலாம், 6,500 ரூபாய். அதோடு 100 கிலோ கூடுதலாகச் சிந்தினால் 9,000. ஆள் அறுப்பிலும் சாய்ந்த பயிருக்குப் பத்துக்குப் பதில் பதினான்கு பெண்கள் வேண்டும். நிகரச் செலவு 11,650 ஆகும். ஏழாயிரமாக இருந்த இடைவெளி 2,650 ஆகச் சுருங்கிவிட்டது. ஆட்கள் கிடைக்கும் ஊரில், நெல் தண்ணீரில் படுத்திருந்தால், இந்த நிலையில் கை அறுப்பைப் பரிசீலிப்பது தவறாகாது.

உளுந்து தெளித்த வயல்

இரண்டாவது இழப்பு டெல்டாவுக்கே உரியது. சம்பா, தாளடி அறுப்புக்குச் சில நாள் முன்பு, வயலில் ஈரம் இருக்கும்போதே நெற்பயிருக்குள் உளுந்தோ பயறோ தெளித்துவிடுகிறோம். அறுக்கும்போது அது இரண்டிலைக் கன்றாக இருக்கும். அறுப்புப் பெண்கள் நடந்தால் அந்தக் கன்றுக்குப் பெரிய கேடில்லை. பெல்ட் வண்டி ஓடும் தடத்திலும், முக்கியமாக அது திரும்பும் மூலைகளிலும், கன்று மண்ணோடு நசுங்கிவிடும். வைக்கோல் வரிசைக்கு அடியில் இருப்பதும் வெளுத்துப் போகும். இதனால் ஏக்கருக்கு 50 கிலோ உளுந்து குறைந்தால், கிலோ 70 ரூபாய் என்று வைத்தாலும் 3,500 ரூபாய் போய்விட்டது. இயந்திரத்தால் கிடைத்த மிச்சத்தில் சரிபாதி. ஆகவே உளுந்து தெளிப்பதற்கு முன்பே எந்த அறுப்பு என்று முடிவு செய்ய வேண்டும். இயந்திரம்தான் என்றால் விதையைக் கொஞ்சம் கூட்டித் தெளிக்கலாம். வண்டி நீளவாக்கில் மட்டும் ஓடி, வயலின் இரு முனைகளில் மட்டும் திரும்பும்படி வரப்பில் நின்று சொல்லலாம். வைக்கோலை மறுநாளே கட்டி எடுக்க ஏற்பாடு செய்யலாம். நெல்லுக்குப் பின் வயலைச் சும்மா போடுபவருக்கு இந்தக் கழிவே கிடையாது. அவருக்கு இயந்திரக் கணக்கு அப்படியே நிற்கும்.

மாட்டுக்கு நல்ல வைக்கோல் வேண்டும் என்பதற்காக ஒரு மாவை மட்டும் கையால் அறுத்து, மீதியை இயந்திரத்துக்கு விடுவதும் வழக்கம். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஏக்கருக்கு 12,750 என்றால் ஒரு மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, 4,250 என்று இதற்குக் கணக்குப் போடக் கூடாது. ஒரு மா நெல் ஏறக்குறைய 12 மூட்டைதான். கதிரடி இயந்திரக்காரர் அவ்வளவு சிறிய போருக்கு வரமாட்டார், வந்தாலும் குறைந்தபட்சக் கூலி என்று இரண்டு மணி வாடகை கேட்பார். பக்கத்தில் யாராவது போர் அடிக்கும் நாளில் நம் கட்டுகளையும் அதே களத்தில் கொண்டுபோய்ச் சேர்த்து, மூட்டைக் கணக்கில் அடித்துக்கொள்ள வேண்டும். அதற்குத் துணை கிடைக்காத ஆண்டில், அந்த ஒரு மாவை நான்கு ஆட்களை வைத்துக் கல்லில் அடித்துத் தூற்றிக்கொண்டேன். கதிரடி இயந்திரத்தின் குறைந்தபட்சக் கூலியைவிடச் சற்றே அதிகமாகத்தான் ஆயிற்று, வைக்கோல் ஒரு தாள்கூட முறியாமல் வந்தது.